தேங்காய் க்ரீம் நுரைத்து நிற்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

தோழிக்காக வீகன் சாக்லேட் கேக் செய்கிறேன், மேலே வைக்கத் தேங்காய் க்ரீம்தான். இரண்டு வெவ்வேறு வகை டப்பாக்களை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். முதல் டப்பாவைக் குலுக்காமல் திறந்தபோது மேலே வெண்ணெய் மாதிரி கெட்டியாக ஒரு அடுக்கும், அடியில் தண்ணீரும் தனித்தனியாக இருந்தன. கெட்டியை மட்டும் கரண்டியால் வழித்து, குளிரவைத்த பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி ஐசிங் சர்க்கரையோடு பீட்டரில் 2 நிமிடம் அடித்தேன், அழகாக நுரைத்து நின்றது.

இரண்டாவது டப்பா பிரியவே இல்லை. எவ்வளவு அடித்தும் மோர் மாதிரி ஓடுகிறது. லேபிளில் குவார் கம்மும் எமல்சிஃபையரும் போட்டிருக்கிறது, கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் அவைதான் பிடித்து வைக்கின்றன என்று நினைக்கிறேன். இதை எப்படியாவது காப்பாற்ற முடியுமா, இல்லை குழம்புக்கு எடுத்துவிட்டு வேறு வாங்குவதுதான் வழியா?

அப்புறம் இன்னொன்று. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும் என்பதால், நன்றாக வந்த க்ரீமும் மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் ஓரம் பளபளத்துச் சரிகிறது. சோளமாவு சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு, எப்போது போட்டீர்கள் என்று சொல்லுங்கள். கேக் நாளை மாலைக்கு வேண்டும்.