வாட்ஸ்அப்பில் 2024 ஜனவரி பேச்சை மட்டும் கோப்பாக எடுப்பது எப்படி?

வணக்கம். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். மொத்தமாகச் சரக்குத் தரும் ஒருவரோடு எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில்தான். 45 நாள் கடன் என்று பேசியிருந்தோம். இப்போது அவர் 30 நாள்தான் என்கிறார். வரும் திங்கள் கணக்குப் பார்க்க உட்காருகிறோம்.

போன் சாம்சங் ஏ14. பேச்சு முழுக்க அதிலேயே இருக்கிறது. படங்கள் இல்லாமல் ஏற்றுமதி செய்தேன். வந்த கோப்பு 2024 ஜூனில்தான் தொடங்குகிறது. கடைசி 40,000 செய்திகள் மட்டுமே வருமாம். படங்களோடு எடுத்தால் 10,000தான், அது இன்னும் குறைவு.

போனுக்குள்ளேயே "கடன்" என்று தேடினேன், ஒன்றுமில்லை. நாங்கள் இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள். `kadan`, `kadanuku`, `naal`, `nal` என்று மாற்றி மாற்றித் தேடியும் பிடிபடவில்லை. கடைசியில் தேடலில் உள்ள நாட்காட்டியால் 2024 ஜனவரி 18க்குப் போனபோது கிடைத்தது: நான் அனுப்பிய குரல் செய்திக்கு அவர் `45 ok` என்று பதில் போட்டிருக்கிறார். அந்தக் குரல் கோப்பும் `WhatsApp Voice Notes` உள்ளே `202403`, அதாவது 2024இன் மூன்றாம் வாரம், என்ற கோப்புறையில் இருந்தது. பிரதி எடுத்துவிட்டேன்.

அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அதை மாற்றலாம், முன்பின் பேச்சும் வேண்டும் என்கிறார். அது நியாயம்தான்.

அந்த ஒரு வாரப் பேச்சை மட்டும், திகதி, நேரம், அனுப்பியவர் பெயரோடு ஒரே கோப்பாக எடுக்க வழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?