ஒழலப்பதி வீடு குழு: அப்பாவின் பில்களும் ஆம்புலன்ஸ் ரசீதும்

ஆகஸ்ட் 6, புதன்

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஆஸ்பத்திரிச் செலவில் இன்சூரன்ஸ் கட்டாத பில்கள் ஒரு கவரில் இருக்கின்றன. ஆம்புலன்ஸ், ஸ்கேன், மாத்திரை எல்லாம். இவற்றையும் கேட்டு வாங்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். சரவணன் மாமா, நிஜமா?

முருகேசன் சித்தப்பா: கேஷ்லெஸ் முடிந்தாயிற்று. கையெழுத்துப் போட்டுத்தானே வந்தோம். இனி ஒன்றும் வராது.

பிரபு: ஆம்புலன்ஸ் 3,200. என் ஜிபே.

தனலட்சுமி அத்தை: 108-ஐக் கூப்பிட்டிருந்தால் இலவசம். அன்றைக்கே சொன்னேன்.

பிரபு: கூப்பிட்டோம் அத்தை. வண்டி வெளியே போயிருந்தது. மூச்சு வாங்குகிற ஆளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

சரவணன் மாமா: முருகேசன் மாப்பிள்ளை சொல்வது பாதி சரி. கேஷ்லெஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குள் ஆன பில் மட்டும்தான் தீரும். அட்மிஷனுக்கு முன்னும் டிஸ்சார்ஜுக்குப் பின்னும் நாம் கையில் கொடுத்த பணத்துக்குத் தனியாக ரீஇம்பர்ஸ்மென்ட் போட வேண்டும். மச்சான் வைத்திருப்பது ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி. அதில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாளும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாளும் உண்டு. ஒரே நிபந்தனை, எந்த நோய்க்குப் படுத்தாரோ அதே நோய்க்கான செலவாக இருக்க வேண்டும். கவிதா, கவரில் இருப்பதைத் தேதியோடு அப்படியே அடித்துப் போடு.

கவிதா: சரிங்க மாமா. அட்மிஷன் ஜூலை 12, டிஸ்சார்ஜ் ஜூலை 19. நிமோனியா.
ஜூன் 5 – இருமலுக்கு டாக்டர் 300
ஜூன் 24 – சர்க்கரை மாத்திரை 910
ஜூலை 2 – டாக்டர் 300, மருந்து 640
ஜூலை 6 – எக்ஸ்ரே 400, ரத்தப் பரிசோதனை 850
ஜூலை 9 – சி.டி. ஸ்கேன் 3,500, மருந்து 1,120
ஜூலை 11 இரவு – ஆம்புலன்ஸ் 3,200
ஜூலை 19 – நெபுலைசர் மெஷின் 1,900
ஜூலை 26 – மறுபரிசோதனை 600, மருந்து 1,480
ஆகஸ்ட் 4 – எக்ஸ்ரே 450

தனலட்சுமி அத்தை: கொழிஞ்சாம்பாறை டாக்டர் இப்போது 300 வாங்குகிறாரா? போன வருஷம் 200.

சரவணன் மாமா: நல்ல பிள்ளை. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஜூலை 12-க்கு முந்தைய 30 நாள் என்றால் ஜூன் 12 முதல் ஜூலை 11 வரை. ஜூன் 5 அதற்கு வெளியே போய்விட்டது, எடுத்துவிடு. ஜூன் 24 நாளுக்குள் வருகிறது, ஆனால் சர்க்கரைக்கு வாங்கியது. அதுவும் வேண்டாம். நெபுலைசர் மெஷின் கொடுக்காத பொருள்களின் பட்டியலில் வரும்.

முருகேசன் சித்தப்பா: ஜூன் 5-ஐ 15 என்று எழுதி வாங்கினால் போகிறது. டாக்டர் தெரிந்தவர்தானே.

சரவணன் மாமா: கூடவே கூடாது மாப்பிள்ளை. திருத்திய பில் ஒன்று கண்ணில் பட்டால் அது மட்டும் போகாது, மொத்தக் கிளைமும் போகும், பாலிசிக்கே ஆபத்து. 300 ரூபாய்க்காக மச்சானின் பாலிசியைத் தொடவேண்டாம்.

முருகேசன் சித்தப்பா: நான் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் தப்பு. தோப்பு விஷயத்திலும் இப்படித்தான்.

கவிதா: சித்தப்பா, தோப்புப் பேச்சு இங்கே வேண்டாங்க.

பிரபு: 3,200 முழுதாக வருமா மாமா?

சரவணன் மாமா: வராது. இந்தப் பாலிசியில் ஒரு அட்மிஷனுக்கு ஆம்புலன்ஸ் 2,000 வரைக்கும்தான். ரசீதைப் படம் எடுத்துப் போடு.

பிரபு: (படம்)

சரவணன் மாமா: இது நோட்டுத் தாள். வண்டி நம்பர் இல்லை, அப்பா பெயர் இல்லை, 'ஆஸ்பத்திரி டிரிப்' என்று மட்டும் இருக்கிறது. இதை அனுப்பினால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் கட்டியதைக் காட்டும், ரசீதுக்குப் பதிலாகாது. வண்டிக்காரரின் அச்சடித்த பில்லில் நோயாளி பெயர், வண்டி நம்பர், எங்கிருந்து எங்கே, தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் வேண்டும். தேதி ஜூலை 11 என்றே இருக்கட்டும், கிளம்பிய நேரத்தையும் எழுதச் சொல். இரவு 11:40-க்குக் கிளம்பி நடுராத்திரிக்கு மேல் அட்மிஷன் ஆனதால்தான் தேதி ஒரு நாள் முன்னே இருக்கிறது. நேரம் இல்லாவிட்டால் அதையே ஒரு குறையாகப் பிடிப்பார்கள்.

முருகேசன் சித்தப்பா: திரும்பி வந்த வண்டிக்கு நான் 2,500 கொடுத்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

சரவணன் மாமா: மாப்பிள்ளை, அந்த 2,000 போகும்போதே தீர்ந்துவிட்டது. மேலே கேட்க இடமில்லை.

தனலட்சுமி அத்தை: எனக்கும் ஒன்று சொல்லு சரவணா. போன ஆவணியில் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சொட்டு மருந்தே 2,000-க்கு மேல் வாங்கினேன். பில் டப்பாவில் இருக்கிறது.

சரவணன் மாமா: அக்கா, வருஷம் ஆகிவிட்டது. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

தனலட்சுமி அத்தை: அப்போது இந்தக் குழுவில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கவிதா: மாமா, கடைசித் தேதி எப்போது? 60 நாள் இருக்கிறதே, மெதுவாக அனுப்பலாமா?

சரவணன் மாமா: அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 60 நாள் என்பது எந்த நாள் வரை செலவு செய்யலாம் என்பதற்கு, அதாவது செப்டம்பர் 17. அனுப்புவதற்கான கணக்கு வேறு. முன்செலவையும் ஆம்புலன்ஸையும் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அது ஆகஸ்ட் 18, திங்கள். அதற்கு முன்னால் 15 சுதந்திர தினம், 17 ஞாயிறு. அதனால் 12-ஆம் தேதியே ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிடு. ஜூலை 26, ஆகஸ்ட் 4 பில்களைத் தனிக் கவரில் வை. சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் அதை இரண்டாவதாக அனுப்பலாம்.

கவிதா: மாத இறுதியில் இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சரவணன் மாமா: அதையும் அந்தக் கவரில் சேர். முதல் கவரில் முன்செலவு 6,810, ஆம்புலன்ஸ் 2,000, மொத்தம் 8,810. இந்தப் பாலிசியில் நம் பங்கு 5 சதவீதம். அது போக 8,370 பக்கம் வர வேண்டும். கிளைம் ஃபாரத்தில் பழைய கேஷ்லெஸ் நம்பரை மறக்காமல் எழுது. டிஸ்சார்ஜ் சம்மரி நகல், கேன்சல் செய்த செக், ஒவ்வொரு மருந்து பில்லோடும் அதற்கான டாக்டர் சீட்டு, ஸ்கேன், பரிசோதனை பில்லோடு ரிப்போர்ட். ஒரிஜினல் பில் எல்லாம் போய்விடும், நகல் எடுத்துக்கொள். மருந்துக்கடை பில் வழவழத் தாள், நாளானால் எழுத்து மங்கிவிடும். இன்றைக்கே எடு.

கவிதா: ஜூலை 9 மருந்துக்குச் சீட்டு இல்லை மாமா. டாக்டர் போனில் சொல்லி அம்மா வாங்கிய மாத்திரை.

சரவணன் மாமா: அப்படியானால் 1,120 நிற்காது. அவர் ஓ.பி. புத்தகத்தில் ஜூலை 9 என்று மருந்து எழுதி வைத்திருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் போதும். இல்லையென்றால் விட்டுவிடு, 7,300 பக்கம் வரும்.

கவிதா: டாக்டர் திங்கட்கிழமைதான் வருகிறாராம்.

முருகேசன் சித்தப்பா: திங்கள் நான் போகிறேன். எனக்கும் முட்டி காட்ட வேண்டும்.

சரவணன் மாமா: நல்லது மாப்பிள்ளை. தேதி மட்டும் அவர் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதே இருக்கட்டும்.

முருகேசன் சித்தப்பா: சரி சரி. தெரியும்.

கவிதா: பிரபு, வண்டிக்காரர் நம்பர்?

பிரபு: ஜிபேயில் இருக்கிறது. நான் திருப்பூரில் இருக்கிறேன், ஞாயிறு வந்தால் பார்க்கிறேன்.

கவிதா: வந்தால் என்றால்?

தனலட்சுமி அத்தை: ஞாயிறு வருவதாக இருந்தால் வேலந்தாவளத்தில் எனக்கு ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வா கண்ணு.

பிரபு: 👍

கவிதா: வெங்காயத்துக்கா, ரசீதுக்கா?