பேங்க் ஆப்பில் ஒப்புதல் கொடுத்தாச்சு, கடையோ "பணம் வரலை" என்கிறது: Pay by bank சிக்கல்

மீனா (ஹாரோ, லண்டன்)

ஆன்லைன் கடை ஒன்றில் சோபா கட்டில் வாங்கினேன், £640. இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைத் தட்டி உள்ளே போனேன், ஐபோனில். பணம் கட்டும் இடத்தில் கார்டுக்குப் பதிலாக Pay by bank என்று இருந்ததை அழுத்தினேன். வங்கிப் பட்டியல் வந்தது, என் வங்கியைத் தேர்ந்தெடுத்தேன், தொகையைக் காட்டிச் சம்மதம் கேட்டது. அடுத்த நொடி என் பேங்க் ஆப் தானாகத் திறந்தது. பேஸ் ஐடி, எந்தக் கணக்கு என்று ஒரு கேள்வி, பிறகு ஒப்புதல். "உங்களைத் திரும்ப அனுப்புகிறோம்" என்று ஆப் சொன்னது. உடனே சஃபாரி திறந்து "Session expired" என்று நின்றுவிட்டது. இன்ஸ்டாகிராமுக்குப் போய்ப் பார்த்தால் கடைப் பக்கத்தில் பொருள் இன்னும் கூடையிலேயே இருக்கிறது.

அரை மணி நேரம் ஆச்சு. கணக்கில் பணம் குறையவில்லை. மறுபடி கட்டினால் இரண்டு முறை போய்விடுமா? கார்டு நம்பர், சார்ட் கோட் எதுவுமே கேட்கவில்லையே, இது ஏமாற்று வேலையா என்றும் பயமாக இருக்கிறது.

ரூபன் (குரோய்டன்)

தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. வங்கி ஆப்பில நீங்கள் ஓம் எண்டு அமத்தினாப் பிறகு காசு போட்டுது எண்டுதான் அர்த்தம். எச்எம்ஆர்சிக்கு வரி கட்டேக்க நானும் இதாலதான் கட்டுறனான். காசு உடனே போயிடும், அவையின்ர பக்கத்தில காட்ட மட்டும் சிலவேளை ரெண்டு மணித்தியாலம் எடுக்கும். பேசாம இருங்கோ, கடைக்காரனுக்கு வந்து சேரும்.

செல்வம் (பேமெண்ட் இன்டக்ரேஷன் வேலை)

ரூபன் அண்ணா சொல்வது பாதி சரி. பணம் கிளம்பியிருந்தால் அவர் சொல்கிறபடி காத்திருக்கலாம். மீனாவுக்கு அது கிளம்பவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒப்புதல் கொடுப்பதும் பணம் அனுப்புவதும் இங்கே தனித்தனி வேலை. கடைக்கும் உங்கள் வங்கிக்கும் நடுவில் ஒரு பேமெண்ட் நிறுவனம் இருக்கிறது. நீங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அது உங்கள் வங்கியிடம் "இந்தக் கணக்குக்கு £640 அனுப்பணும், வாடிக்கையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு கோரிக்கையைப் பதிவு செய்கிறது. யாருக்குப் போகணும் என்பது அதிலேயே நிரப்பப்பட்டிருப்பதால்தான் உங்களிடம் சார்ட் கோட் கேட்கவில்லை. எந்தக் கணக்கிலிருந்து என்பதை வங்கி ஆப்புக்குள் தேர்ந்தெடுத்தீர்கள். அதனால் கார்டு நம்பருக்கும் வேலை இல்லை.

நீங்கள் ஒப்புதல் கொடுத்ததும் வங்கி பணத்தை அனுப்பிவிடுவதில்லை. ஒரு ரகசியச் சீட்டை எழுதி உங்கள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறது. ஆப்பிலிருந்து பிரவுசர் திறந்ததே அதற்காகத்தான். முகவரியின் வாலில் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும், ஏறக்குறைய இப்படி:

```
https://.../callback#code=...&state=...
```

`code` என்பதுதான் சீட்டு. பேமெண்ட் நிறுவனம் அதை வங்கியிடம் நீட்டி, "ஒப்புதல் வாங்கியாச்சு, இப்போ அனுப்புங்கள்" என்று இன்னொரு கோரிக்கை போட்டால்தான் பணம் கிளம்பும்:

```
POST /domestic-payment-consents
POST /domestic-payments
```

முதல் வரி உங்களை வங்கிக்கு அனுப்புவதற்கு முன்னால், இரண்டாவது வரி நீங்கள் திரும்பி வந்த பிறகு. உங்கள் விஷயத்தில் நடுவழியில் சீட்டு தொலைந்திருக்கிறது.

காரணம் இன்ஸ்டாகிராம். அந்த ஆப் தனக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரை வைத்திருக்கிறது, நீங்கள் கடையைத் திறந்தது அதில்தான். உங்கள் கூடையும், உங்களை அடையாளம் காட்டும் குக்கியும் எல்லாம் அங்கே. பேங்க் ஆப்புக்கு அது தெரியாது. திரும்பும் முகவரியை போனின் வழக்கமான பிரவுசரிடம், அதாவது சஃபாரியிடம் கொடுத்துவிட்டது. சஃபாரியில் உங்கள் குக்கி இல்லை. `state` என்பது போகும்போது கொடுத்த அடையாளம், வரும்போதும் அதே ஆள்தானா என்று ஒப்பிட. அதை ஒப்பிட ஆள் இல்லாததால் பேமெண்ட் நிறுவனம் சீட்டை வாங்க மறுத்து "Session expired" என்று சொல்லிவிட்டது. யாரோ ஒருவருடைய சீட்டை வேறொருவர் கொண்டுவந்து நீட்டக்கூடாது என்பதற்கான காவல் இது. குறை என்று சொல்ல முடியாது, எரிச்சல்தான்.

பிரைவேட் டேபில் திறந்தாலும் இதே கதை. போனின் வழக்கமான பிரவுசர் சஃபாரியாக இருக்க, கடையை குரோமில் திறந்தாலும் இதே கதைதான்.

கார்த்திக் (சென்னை)

இது நம்ம யூபிஐ மாதிரிதானே? பின் போட்டால் போயிடும், இல்லேன்னா போகாது. இதுக்கு எதுக்கு இவ்ளோ சுத்து?

செல்வம்

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும், கார்த்திக். யூபிஐயில் நீங்கள் பின் போடுவதுதான் கடைசிப் படி, அதோடு உத்தரவு போய்விடும். பிரிட்டனில் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகும் நடுவில் இருக்கும் நிறுவனம் ஒரு படி ஏறணும். அதற்கப்புறம் பணம் ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ் வழியாக ஓடும், 2008-இலிருந்து இருக்கும் அதே சாதாரண வங்கிப் பரிமாற்றம்தான். 2018-இல் Pay by bank-க்கு அடிப்படையான ஓப்பன் பேங்கிங் வந்தபோது பணம் ஓடும் தண்டவாளம் மாறவில்லை, சிக்னல் கொடுக்கும் ஆள்தான் புதிதாக வந்தார்.

மீனா

அப்போ நான் மறுபடி கட்டலாமா?

செல்வம்

முதலில் பேங்க் ஆப்பில் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். கடைப் பக்கம் என்ன சொல்கிறது என்பதை நம்பாதீர்கள். சில பேமெண்ட் நிறுவனங்கள் குக்கியைப் பார்க்காமல் `state`-ஐ மட்டும் வைத்தே சீட்டை ஏற்றுக்கொண்டு பணத்தை அனுப்பிவிடும், பக்கம் மட்டும் பிழை காட்டும். ஆக, ஒரே பிழைச் செய்திக்குப் பின்னால் பணம் போயும் இருக்கலாம், போகாமலும் இருக்கலாம். உங்கள் கணக்கில் £640 வெளியே போனதாகவோ நிலுவையில் இருப்பதாகவோ ஒரு வரி கூட இல்லையென்றால் கிளம்பவில்லை. நிலுவையில் இருந்தால் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் வங்கி நிறுத்திவைத்துச் சோதிப்பதும் உண்டு.

உறுதி வேண்டுமென்றால் கடையின் வாடிக்கையாளர் சேவையிடம், பேமெண்ட் நிறுவனத்தில் உங்கள் கன்சென்ட், அதாவது நீங்கள் கொடுத்த ஒப்புதல், எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். `Authorised` என்றால் நீங்கள் சரி சொன்னதோடு நிற்கிறது, பணம் கேட்கப்படவில்லை. `Consumed` என்றால் சீட்டு பயன்பட்டுவிட்டது, அப்போது பேமெண்ட்டின் நிலையைத் தனியாகப் பார்க்கணும். தொங்கிக்கொண்டிருக்கும் பழைய ஒப்புதலால் ஆபத்து இல்லை. அந்த ஒரு தொகைக்கு, அந்த ஒரு கணக்குக்கு, ஒரே ஒரு முறைக்குத்தான் அது செல்லும். சீட்டுக்கும் ஆயுள் கொஞ்ச நேரம்தான்.

பட்டியலில் ஒன்றும் இல்லையென்றால், கடையை நேராக சஃபாரியில் திறந்து, கூடையில் பொருளை மறுபடி போட்டு, அங்கிருந்தே கட்டுங்கள். ஒப்புதல் கொடுத்த கையோடு ஆப்பை மூடிவிடாமல், கடைப் பக்கம் தானாகத் திறந்து ஆர்டர் எண் காட்டும்வரை விடுங்கள்.

தேவகி (லெஸ்டர்)

இதுல பெரிய விஷயத்தை யாரும் சொல்லலையே. ஒரு தடவை சரின்னு சொன்னா 90 நாளைக்கு உங்க கணக்கை அவங்க பார்த்துக்கிட்டே இருப்பாங்க. நான் ஒரு பட்ஜெட் ஆப்புல இணைச்சேன், மூணு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்லி மெயில் வருது. உடனே வங்கிக்குப் போன் பண்ணி டைரக்ட் டெபிட்டை நிறுத்துங்க.

செல்வம்

தேவகி அக்கா, உங்களுடையது கணக்கைப் பார்க்கும் அனுமதி, மீனா கொடுத்தது பணம் அனுப்பும் அனுமதி. இரண்டுக்கும் ஒரே மாதிரி வங்கி ஆப் திறந்து, ஒரே மாதிரி பேஸ் ஐடி கேட்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஒப்புதல் திரையைப் படித்தால் தெரியும். ஒரு தொகையும் பெறுபவர் பெயரும் இருந்தால் பேமெண்ட். "உங்கள் இருப்பு, பரிவர்த்தனைகள்" என்று பட்டியல் போட்டால் அது பார்க்கும் அனுமதி. கடையில் பணம் கட்டும்போது அப்படி ஒரு திரை வந்தால் நான் ரத்து செய்துவிடுவேன். டைரக்ட் டெபிட் இதில் எங்குமே இல்லை.

ஏமாற்று வேலையா என்று மீனா கேட்டதற்கும் அந்தத் திரையில்தான் விடை. ஒப்புதல் உங்கள் வங்கியின் ஆப்புக்குள்ளோ, அதன் சொந்த இணையதளத்திலோதான் நடக்கணும். கடைப் பக்கத்திலேயே பெட்டி போட்டு வங்கிப் பாஸ்வேர்டைக் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். பெறுபவர் இடத்தில் கடையின் பெயருக்குப் பதிலாகப் பேமெண்ட் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பெயரை, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏவின் பதிவேட்டில் தேடினால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ரூபன்

சரி, நான் சொன்னது பிழைதான். ஆனா ஒரு கேள்வி. சோபா வரேல்ல எண்டால், கார்டில கட்டினா காசைத் திருப்பி எடுக்கலாம். இதில?

செல்வம்

அங்கேதான் இது கார்டைவிட மெலிவு, அண்ணா. கிரெடிட் கார்டில் £100-க்கு மேல் £30,000 வரை விலையுள்ள பொருளுக்கு, கடையோடு சேர்த்து கார்டு நிறுவனத்துக்கும் சட்டப் பொறுப்பு உண்டு. டெபிட் கார்டில் அது இல்லை, வங்கி வழியாகக் கடையிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் இருக்கிறது. Pay by bank-இல் இரண்டுமே கிடையாது. கடை மனம்வைத்துத் தனியாக ஒரு பரிமாற்றம் போட்டால்தான் பணம் திரும்பும்.

கடையே போலி என்றால் வேறு வழி இருக்கிறது. 7 அக்டோபர் 2024 முதல், ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தை £85,000 வரை வங்கிகள் திருப்பித் தரணும் என்று விதி, அதில் £100 வரை பிடித்துக்கொள்ளலாம். நிஜக் கடை தாமதம் செய்கிறது, உடைந்த பொருள் அனுப்பியது என்பதெல்லாம் அதில் சேராது. அதனால் £640 சோபா, ஆறு வாரம் கழித்து டெலிவரி என்றால் நான் கிரெடிட் கார்டைத்தான் எடுப்பேன். வரி, மின்சார பில் மாதிரி உடனே முடிகிற விஷயங்களுக்கு இது அருமை.

மீனா

பட்டியலில் ஒன்றும் இல்லை. கடைக்கு எழுதினேன், `Authorised` என்றே நிற்கிறது என்று பதில் வந்தது. சஃபாரியில் திறந்தேன், ஆனால் செல்வம் சொன்னதைப் படித்தபின் மனம் மாறி கிரெடிட் கார்டிலேயே கட்டிவிட்டேன், ஆர்டர் எண் வந்துவிட்டது.

தேவகி

எனக்கு இன்னொரு சந்தேகம். மடிக்கணினியில கட்டும்போது சில வங்கிக்கு க்யூஆர் கோடு காட்டுது, போன்ல ஸ்கேன் பண்ணினா ஆப் திறக்குது. என் வீட்டுக்காரர் வங்கிக்கு அது வரவே மாட்டேங்குது, நேரா லாகின் பக்கம்தான் வருது. அந்த வங்கியில இருக்கிற கூட்டுக் கணக்கும் பட்டியல்ல இல்ல.

செல்வம்

க்யூஆர் காட்டுவதா, லாகினுக்கு அனுப்புவதா என்பது பேமெண்ட் நிறுவனமும் அந்த வங்கியும் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு, நம் கையில் இல்லை. லாகின் முகவரி வங்கியுடையதுதானா என்று மட்டும் பாருங்கள். கூட்டுக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டிய வகையா? அப்படியென்றால் ஒருவர் ஒப்புதலில் பணம் கிளம்பாது, சில வங்கிகள் அதைக் காட்டாமலே விட்டுவிடும். சேமிப்புக் கணக்காக இருந்தாலும் பெரும்பாலும் வராது. ஒருவர் கையெழுத்தே போதுமான நடப்புக் கணக்கு என்றால் ஏன் வரவில்லை என்று வங்கியைத்தான் கேட்கணும்.

தேவகி

ஒருத்தர் கையெழுத்து போதும், நடப்புக் கணக்குதான். கேட்டுட்டு வந்து சொல்றேன்.