பொருள்: மறு: இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், கேபினட் சிமுலேஷன் – தமிழில்?

முகிலன்:
கிட்டார் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸுக்கு, சுருக்கமாக ஐ.ஆருக்கு, 'எதிரொலிப் பதிவு' என்று போட்டிருக்கிறேன். கிட்டார் ஆம்பைப் போல ஒலிக்கும் ஆம்ப் மாடலரை நேராகப் பதிந்தால் வண்டு இரைவது போலக் கேட்கிறது. அறையின் எதிரொலி இல்லாததுதானே காரணம்?

கலா:
அறை காரணமில்லை, ஸ்பீக்கர் இல்லாததுதான். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் கிடையாது. ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வேகமாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் கிளப்பும் கரகரப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நேராகப் பதியும்போது அது முழுக்க உள்ளே வந்துவிடுகிறது.

செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் முன்னால் ஷூர் எஸ்.எம்.57 மைக்கை வைத்து, கீழிருந்து மேலேறும் சைன் ஒலியை ஓட்டிப் பதிகிறார்கள். அதிலிருந்து ஓட்டிய ஒலியின் பங்கைக் கணக்குப் போட்டுப் பிரித்தெடுத்தால், ஒரே ஒரு தட்டுக்கு ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து தரும் பதில் மிஞ்சும். சின்ன வேவ் கோப்பு, அவ்வளவுதான். பள்ளி இயற்பியலில் இம்பல்ஸ் 'கணத்தாக்கு' என்பதால் 'கணத்தாக்குத் துலங்கல்' என்கிறேன். ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேஷனுக்குப் 'பெட்டிப் போலி'.

சுந்தர்:
எனக்குத் தலைகீழ் பிரச்சினை. ஐ.ஆர். போட்ட பிறகு போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரி இருக்கிறது. வேறு கோப்பு வாங்கணுமா?

கலா:
மாடலருக்குள்ளேயே கேபினட் ஓடிக்கொண்டிருக்கும், சுந்தர். அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு பெட்டி அடுத்தடுத்து வந்தால் மேல்சுருதி இருமுறை வெட்டுப்படும். ஆம்ப், அதற்குப் பின் ஒரே ஒரு ஐ.ஆர்., அது போதும்.

யோகன்:
'துலங்கல்' எங்கட பக்கம் பழகின சொல்தான். 'பெட்டிப் போலி'தான் இடிக்கிறது. மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்தினால் ஒலி மங்கும். பெட்டி அதேதான், கோப்பு வேறு. மைக்கும் அது நின்ற இடமும் அதற்குள் இருக்கும்போது பெட்டியை மட்டும் சொல்வது எப்படிச் சரி? 'மைக்கிட்ட பெட்டி' என்றால் என்ன?

முகிலன்:
அப்படியானால் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமே?

கலா:
போதாது. தேவாலயத்தில் எடுத்த ஐ.ஆரை ரிவெர்புக்கும் போடுகிறார்கள், அங்கே பெட்டியே இல்லை (முகிலனின் 'எதிரொலி' அந்த இடத்தில் பாதி பொருந்தும்). இன்னொன்று, ஐ.ஆர். அசையாத ஒரு படம். சத்தத்தை ஏற்றும்போது நிஜ ஸ்பீக்கர் கொஞ்சம் திணறும், அமுங்கும். அது இதில் வராது. அதைக் காட்ட வேறு கணக்கு வேண்டும். அதுவும் பெட்டிப் போலிதான், ஆனால் துலங்கல் இல்லை. யோகன் சொன்ன மைக் விஷயம் நியாயம். ஆனால் பொத்தானில் 'மைக்கிட்ட பெட்டி' என்று பார்த்தால் எனக்கே புரியாது.

சுந்தர்:
உள்ளே இருந்ததை அணைத்தேன், தெளிந்துவிட்டது! இதே ஒலியை மேடையில் என் கிட்டார் கேபினட்டுக்கும் அனுப்பலாமா?

யோகன்:
அனுப்பலாம், ஐ.ஆரை அணைத்துவிட்டு. அங்கே நிஜப் பெட்டியே நிற்கிறது. மிக்ஸருக்குப் போகும் வழியில் மட்டும் வைத்திருங்கோ.

முகிலன்:
சரி, இப்போதைக்குக் 'கணத்தாக்குத் துலங்கல்' என்று ஏற்றுகிறேன். பொத்தானில் இடம் போதாது, அங்கே 'ஐ.ஆர்.' என்றே இருக்கும். பெட்டியின் பெயரை யோகனும் கலாவும் முடித்துத் தாருங்கள்.