பவர் பேலன்ஸ் ஆகுது, ஆனாலும் விடை தப்பாம்: டிபெண்டன்ட் சோர்ஸ் உள்ள மெஷ் கணக்கு

முகில்

ட்ரிபிள் ஈ இரண்டாம் வருஷம். இன்டர்னல் டெஸ்ட்ல வந்த கணக்கு இது, பத்துக்கு நாலு மார்க்தான் கிடைச்சுது. ஆனா நான் போட்டது சரின்னுதான் இன்னும் தோணுது. காரணம் கடைசியில இருக்கு, முழுசாப் படிச்சுட்டு சொல்லுங்க.

சர்க்யூட்டை வார்த்தையிலயே சொல்லிடறேன். இடது ஓரத்துல 24 வோல்ட் சோர்ஸ், பிளஸ் மேலே. அங்கேர்ந்து 4 ஓம் வழியா நடு நோடுக்கு வரணும். நடு நோடுலேர்ந்து கீழே இறங்கறது 6 ஓம், அதுமேல கீழ்நோக்கி ஒரு அம்பு, பக்கத்துல `ix`ன்னு போட்டிருக்கு. அதே நோடுலேர்ந்து வலப்பக்கம் 2 ஓம், அதைத் தாண்டி வலது ஓரத்துல வைர வடிவ சோர்ஸ். உள்ளே பிளஸ் மேலே, மைனஸ் கீழே, மதிப்பு `3ix`. அடியில எல்லாத்துக்கும் ஒரே கம்பி. `i1`, `i2` ரெண்டையும் கிளாக்வைஸா எடுத்தேன்.

```
மெஷ் 1:  -24 + 4 i1 + 6(i1 - i2) = 0
மெஷ் 2:  6(i2 - i1) + 2 i2 + 3 ix = 0
ix = i2 - i1
```

இதுலேர்ந்து `i1` 4.71 ஆம்பியர், `i2` 3.86 ஆம்பியர். கீ-ல 3.75, 2.25ன்னு இருக்கு.

சந்தேகமா இருந்ததால பவர் போட்டுப் பார்த்தேன். 24 வோல்ட் சோர்ஸ் கொடுக்கறது 113.14 வாட். மூணு ரெசிஸ்டரும் சேர்ந்து சாப்பிடறது 123.06. என் கணக்குப்படி டிபெண்டன்ட் சோர்ஸும் 9.92 வாட் கொடுக்குது. கழிச்சா அதே 113.14! பைசா சுத்தமா பேலன்ஸ் ஆகற விடை எப்படித் தப்பா இருக்க முடியும்? கீ தப்புன்னு சார்கிட்ட போய் சொல்லலாமா?

சதீஷ்குமார்

போகாதே, மாட்டிப்பே. மேட்ரிக்ஸா எழுதிப் பாரு. உன் சமன்பாட்டை அடுக்கினா முதல் வரி 10, -6. ரெண்டாவது வரி -9, 11. மெஷ் மேட்ரிக்ஸ் சிமெட்ரிக்கா இருக்கணும், ரெண்டு பக்கமும் அதே -6 வரணும். உனக்கு -9 வந்திருக்கு. அங்கேயே தெரிஞ்சுபோச்சு தப்புன்னு.

முகில்

அண்ணா, கீ-ல இருக்கற விடையிலேர்ந்து பின்னாடி போய்ப் பார்த்தேன். அவங்களுக்கு ரெண்டாவது வரி -3, 5 வருது போல. அதுவும் சிமெட்ரிக் இல்லையே?

ஜெனிபர்

இது சூப்பர்மெஷ் போடணும்ப்பா. டிபெண்டன்ட் சோர்ஸ் வந்தாலே சூப்பர்மெஷ்தான். எனக்கும் போன வாரம் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, நடுக்கிளையில டிபெண்டன்ட் சோர்ஸ், அதுக்கு குறுக்கே வோல்டேஜ் ஜீரோன்னு எடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதை எப்படிப் போடறதுன்னு யாராவது சொன்னா நல்லாயிருக்கும்.

ரேவதி (லேப்)

ஜெனிபர், உங்க கணக்கு வேற. உங்களுக்கு வைரத்துக்குள்ள அம்பு இருந்திருக்கும், அது கரண்ட் சோர்ஸ். முகிலுக்கு உள்ளே பிளஸ் மைனஸ் இருக்கு, அது வோல்டேஜ் சோர்ஸ். கே.வி.எல். நடந்து போகும்போது நேரா எழுதிடலாம், சூப்பர்மெஷ் தேவையே இல்லை. உங்களதுக்குக் கடைசியில வரேன்.

சதீஷ் சொன்னது பாதி சரி. வெறும் ரெசிஸ்டரும் சாதா சோர்ஸும் மட்டும் இருந்தா மேட்ரிக்ஸ் சிமெட்ரிக்தான், ஏன்னா நடுவுல இருக்கற 6 ஓம் ரெண்டு மெஷ்ஷுக்கும் பொது. இங்கேயும் `3ix`ஐ வலது பக்கமே விட்டு வெச்சா இடது பக்கம் 10, -6, -6, 8ன்னு அழகா சிமெட்ரிக்கா நிக்கும். `ix`ஐப் பிரிச்சு இடது பக்கம் கொண்டு வந்ததும் ரெண்டாவது வரி மட்டும் மாறுது, முதல் வரி மாறாது. அதனால சிமெட்ரி போறது இந்த இனத்துல இயல்பு. அதை வெச்சு தப்பைப் பிடிக்க முடியாது.

முகில், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். `ix = i2 - i1`ன்னு எங்கேர்ந்து எடுத்தீங்க?

முகில்

மெஷ் 2 எழுதும்போது 6 ஓம்ல `6(i2 - i1)` வந்துச்சு. `ix`உம் அதே 6 ஓம்ல போற கரண்ட்தானேக்கா. அதனால அதையே போட்டேன்.

ரேவதி (லேப்)

அதான் இடம். வருஷா வருஷம் பேப்பர் திருத்தும்போது இதே வரியில சிவப்புப் பேனா நிக்கும்.

`6(i2 - i1)`ன்னு எழுதறப்போ நீங்க மெஷ் 2-க்குள்ள நடந்துட்டு இருக்கீங்க. அந்த மெஷ்ல 6 ஓமைக் கீழேர்ந்து மேலே ஏறிக் கடக்கறீங்க, அதனால `i2` முன்னால வருது. அது உங்க நடை. `ix`ஓட அம்பு உங்க நடையைப் பத்திக் கவலைப்படாது. கேள்வி எழுதினவர் கீழ்நோக்கிப் போட்டுட்டார், மெஷ் 1-ல நின்னாலும் மெஷ் 2-ல நின்னாலும் அது கீழ்நோக்கித்தான்.

பேனா முனையை அந்த அம்பு மேலயே வைங்க. `i1` கிளாக்வைஸா சுத்தி வரும்போது 6 ஓம்ல எந்தப் பக்கம் போகுது? கீழே. அம்போட சேர்ந்து போகுது, அதனால பிளஸ். `i2`? மேலே. எதிரா வருது, அதனால மைனஸ். `ix = i1 - i2`. இந்த வரியை மெஷ் சமன்பாடு ஒண்ணுகூட எழுதறதுக்கு முன்னாடியே படத்தைப் பார்த்து எழுதிடுங்க. நடந்துகிட்டே எழுதினா குழம்பும்.

வைர சோர்ஸை நீங்க சரியாத்தான் கடந்திருக்கீங்க: மெஷ் 2-ல மேலேர்ந்து கீழே வரும்போது முதல்ல பிளஸ்ல நுழையறோம், அதனால `+3 ix`. இப்போ பிரிச்சுப் போட்டா:

```
10 i1 - 6 i2 = 24
8 i2 - 6 i1 + 3(i1 - i2) = 0
-3 i1 + 5 i2 = 0
```

கடைசி வரியிலேர்ந்து `i2`ங்கறது `i1`ல 0.6 மடங்கு. மேல போட்டா `6.4 i1 = 24`. `i1` 3.75, `i2` 2.25, `ix` 1.5 ஆம்பியர், வைர சோர்ஸ்ல 4.5 வோல்ட். கீ சரி.

முகில்

புரிஞ்சுது அக்கா. ஆனா பவர் எப்படி பேலன்ஸ் ஆச்சு? அதுதான் இன்னும் உறுத்துது.

ரேவதி (லேப்)

நல்ல கேள்வி, இதைத்தான் யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க போட்டது தப்பான கணக்கு இல்லை. வேற ஒரு சர்க்யூட்டோட சரியான கணக்கு. அதுல `ix` அம்பு மேல்நோக்கி இருக்கும், மத்ததெல்லாம் இதேதான். கே.வி.எல்.லும் கே.சி.எல்.லும் ஒத்துப்போற எந்த சர்க்யூட்லயும் பவர் பேலன்ஸ் ஆகித்தான் தீரும். நீங்க பவர் போடும்போதும் வைர சோர்ஸுக்கு அதே தப்பான `ix`தான் போட்டீங்க, அப்புறம் எப்படி மாட்டும்? கூட்டல் கழித்தல்ல சறுக்கினா பவர் காட்டிக் கொடுக்கும். அம்பைத் திருப்பிப் படிச்சா காட்டிக் கொடுக்காது.

சரிபார்க்கணும்னா சமன்பாட்டை மூடி வெச்சுட்டுப் படத்துக்குத் திரும்பணும். உங்க விடையையே எடுத்துக்குங்க. 6 ஓம்ல கீழ்நோக்கி 4.71-லேர்ந்து 3.86 போனா 0.86 ஆம்பியர், அதனால வைர சோர்ஸ்ல 2.57 வோல்ட், பிளஸ் மேலே. இப்போ வெளி வளையத்தை மட்டும் சுத்துங்க. 24 வோல்ட்ல 4 ஓம் 18.86 எடுத்துக்குது, 2 ஓம் 7.71 எடுத்துக்குது. இந்த ரெண்டுமே 24-ஐத் தாண்டிடுச்சு, இன்னும் 2.57 வேற பாக்கி. 5.14 வோல்ட் உதைக்குது. அதாவது 2.57-ல சரியா ரெண்டு மடங்கு. விட்ட இடைவெளி வைர சோர்ஸ் வோல்டேஜ்ல ரெண்டு மடங்கா வந்தா, அதோட குறியைத்தான் மாத்திப் போட்டிருக்கோம்னு சந்தேகப்படுங்க.

இன்னொரு வழி எனக்குப் பிடிச்சது. 3-ஐ எடுத்துட்டு 6 போட்டுப் பாருங்க. 6 ஓம்ல விழறது `6ix`, வைர சோர்ஸும் `6ix`, ரெண்டுக்கும் மேலே பிளஸ். அப்போ 2 ஓமோட ரெண்டு முனையிலயும் ஒரே வோல்டேஜ், அதுல கரண்ட் ஜீரோ. கணக்கே போடாம தெரியுது. சரியான சமன்பாட்டுல 6 போட்டா `i2` ஜீரோவாகும். உங்களதுல ஆகாது.

குமரேசன்

ஸ்பைஸ்ல போட்டுப் பார்க்கறவங்களுக்கு. `H` சோர்ஸுக்கு எந்தக் கரண்டை வேவு பார்க்கணும்னு சொல்ல, அந்தக் கிளையில 0 வோல்ட் சோர்ஸ் ஒண்ணு சொருகணும்.

```
* mesh
V1 1 0 24
R1 1 2 4
R2 2 4 6
VS 4 0 0
R3 2 3 2
H1 3 0 VS 3
.op
.end
```

நோடு 2-ல 9 வோல்ட், நோடு 3-ல 4.5 வரும். `VS 4 0 0`ஐ `VS 0 4 0`ன்னு திருப்பிப் போட்டீங்கன்னா முகிலோட 4.71 அப்படியே வந்து நிக்கும், மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராது. திருப்பாம மேல இருக்கற மாதிரியே போட்டா `I(V1)` மட்டும் -3.75ன்னு காட்டும், பயந்துடாதீங்க. ஸ்பைஸ் பிளஸ் முனைக்குள்ள நுழையற கரண்டைத்தான் பாசிடிவ்னு எடுக்கும்.

சதீஷ்குமார்

சிமெட்ரி விஷயம் ஏத்துக்கறேன். ஆனா ஒண்ணு இடிக்குது. 3-க்கு பதிலா `k`ன்னு வெச்சா டிட்டர்மினன்ட் `44 - 4k` வருது. `k` 11 ஆனா ஜீரோ, விடையே இல்லை. 10 போட்டா `i1` -12 ஆம்பியர், 24 வோல்ட் சோர்ஸுக்குள்ளயே கரண்ட் திரும்பிப் போகுது. நிஜத்துல இப்படி ஒரு சர்க்யூட் கட்டினா என்ன ஆகும்?

குமரேசன்

ஆப்-ஆம்ப் வெச்சுக் கட்டினா சப்ளை அளவோட முட்டிக்கிட்டு நிக்கும். இந்தச் சமன்பாடே அங்க செல்லாது.

ரேவதி (லேப்)

11-லதான் முட்டும்னு சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடியே நிலையில்லாமப் போகலாம், அது நிஜச் சோர்ஸ் எவ்வளவு வேகமா எதிர்வினை செய்யுதுங்கறதைப் பொறுத்தது. வெறும் ரெசிஸ்டர் கணக்குல அதுக்குப் பதில் இல்லை. நான் கட்டிப் பார்த்ததில்லை.

ஜெனிபர், உங்களுக்கு: கரண்ட் சோர்ஸுக்குக் குறுக்கே வோல்டேஜ் ஜீரோ இல்லை, எவ்வளவுன்னு தெரியாது, அவ்வளவுதான். அதனால அந்தக் கிளையைத் தொடாம வெளி வளையத்துல ஒரு கே.வி.எல். எழுதுங்க. ரெண்டாவது சமன்பாடு, `i1`-க்கும் `i2`-க்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சோர்ஸ் மதிப்புக்குச் சமம்ங்கறது. எது முன்னால வரணும்னு சோர்ஸ் அம்பைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

ஜெனிபர்

என்னோடதுல சோர்ஸ் மதிப்பு `2vx`, அந்த `vx` 5 ஓம் குறுக்கே. அதுக்கு அம்பு இல்லையே, பிளஸ் மைனஸ்தானே இருக்கு?

முகில்

எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். பிளஸ் முனைக்குள்ள நுழையற கரண்டை 5-ஆல பெருக்கணும். பிளஸ்லேர்ந்து மைனஸுக்கு ஒரு அம்பு நாமளே போட்டுக்கலாம். சரியாக்கா?

(சார்கிட்ட போகல. நாலு மார்க்லயே இருக்கேன்.)