சிறுகதைக்கு உதவி: நைட் ஷிப்ட் ரிப்போர்ட் தானாக வருவதை மில்காரர்கள் நம்புவார்களா?

கதைக்காரி:
கதை ஒரு நூற்பு மில்லில் நடக்கிறது. ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. எந்த ரிங் ஃபிரேம் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர்கள் நோட்டில் எழுதுவார்கள். நாயகி அதை விடியற்காலையில் கால்குலேட்டரில் கூட்டி ரிப்போர்ட் எழுதுகிறாள். பிறகு அதையே எக்ஸெலில் தானாக வரும்படி செய்கிறாள். B-இல் நின்ற நேரம், C-இல் மறுபடி ஓடத் தொடங்கிய நேரம், ஃபார்முலா `=(C2-B2)*1440`. வேலை நிமிடத்தில் முடிகிறது, மூத்த மேஸ்திரி பாராட்டுகிறார். இது நம்பும்படி இருக்கிறதா?

ரிங்ஃபிரேம்:
அந்த ஃபார்முலா முதல் ராத்திரியே மாட்டிவிடும். 23:40-க்கு நின்று 00:25-க்கு ஓடிய மெஷினுக்கு 45 நிமிடம் வர வேண்டும். இது -1395 காட்டும். நடுவில் நாள் மாறியது அதற்குத் தெரியாது. இப்படிப் போடச் சொல்லுங்கள்:

```
=MOD(C2-B2,1)*1440
```

அதே மெஷின் 02:10 முதல் 02:28 வரையும், 04:50 முதல் 05:05 வரையும் நின்றது என்று வையுங்கள். 45, 18, 15, ஆக 78 நிமிடம். 480-இல் ஓடியது 402. மேஸ்திரி இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார். அதனால் சீக்கிரம் முடித்தாள் என்பதற்காக மட்டும் அவர் மதிக்க மாட்டார்.

ஷீட்பிரியன்:
MOD போட்டால் எல்லாம் சரியாகிவிடும். மேலே தேதிக்கு `=TODAY()` போட்டுவிட்டால் அதையும் தட்ட வேண்டியதில்லை.

ரிங்ஃபிரேம்:
TODAY வேண்டாம். அடுத்த வாரம் பழைய ஃபைலைத் திறந்தால் அன்றைய தேதி காட்டும். தவிர, காலை 5 மணிக்கு ரிப்போர்ட் எடுத்தால் ஷிப்ட் தொடங்கிய தேதி வராது, மறுநாள் தேதி வரும். ஷிப்ட் தொடங்கும்போதே Ctrl+; அழுத்தினால் அன்றைய தேதி மாறாமல் நிற்கும்.

MOD-இலும் ஒரு ஆபத்து இருக்கிறது. நம் ஆட்கள் நேரத்தைப் புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள், நோட்டைப் பார்த்துத் தட்டுகிறவரும் 23.40, 0.25 என்றே தட்டுவார். எக்ஸெல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். 45 நிமிடத்துக்குப் பதில் 1224 வரும். அது கண்ணில் பட்டுவிடும். 2.10, 2.28 என்று தட்டினால்தான் சிக்கல்: 18-க்குப் பதில் 259 வரும், ஏதோ பெரிய ரிப்பேர் போல இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். B, C இரண்டு பத்திக்கும் Data Validation-இல் Time, 0:00 முதல் 23:59 வரை என்று வைத்துவிட்டால் புள்ளி வைத்த 2.10-ஐ உள்ளேயே விடாது. கதையில் இந்த இடத்தை விடாதீர்கள்.

வார்டு7:
நான் ஆஸ்பத்திரி நைட் டியூட்டி. எங்கள் ஹேண்ட்ஓவர் ரிப்போர்ட்டுக்கும் இந்த ஷீட் சரிப்படுமா?

ரிங்ஃபிரேம்:
டிரிப் ஓடிய நேரம் கணக்கிட MOD உதவும். மற்றபடி உங்கள் ரிப்போர்ட்டில் எழுத்துதான் அதிகம், தனி இழை போடுங்கள் சகோதரி.

கதைக்காரி:
அப்படியானால் மேஸ்திரி எதற்காக அவளை மதிப்பார்?

ரிங்ஃபிரேம்:
எவ்வளவு நூல் ஓடியது என்று ஹேங்க் கணக்கில் காட்டும் ஹேங்க் மீட்டரோடு ஒப்பிட வையுங்கள். 40-ஆம் கவுண்ட் ஓடும் ஒரு ஃபிரேம் நிற்காமல் ஓடினால் 8 மணி நேரத்தில் 10.8 ஹேங்க் என்று கதைக்கு வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 1.35. 402 நிமிடத்துக்கு 9.05 வர வேண்டும். மீட்டரில் 8.4 இருந்தால் 0.65 குறைகிறது, கிட்டத்தட்ட 29 நிமிட ஓட்டம். நோட்டில் எழுதாமல் மெஷின் எங்கோ நின்றிருக்கிறது. ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்து அந்த ஃபிரேமை மட்டும் சிவப்பாகக் காட்டினால் போதும். எத்தனை நிமிடம் என்று அவள் சொல்லலாம், ஏன் என்று அவருக்குத்தான் தெரியும். நூல் காப்பு நிறைந்தும் அதைக் கழற்றி டாஃப் எடுக்க ஆள் வராமல் நின்றதா, டேப் அறுந்ததா என்று போய்ப் பார்த்துச் சொல்வார். மறுநாள் அவரே வந்து “இன்னைக்கு எது சிவப்பும்மா?” என்று கேட்டால் அது போதும், பாராட்டு வசனமே தேவையில்லை.

பழையஃபிட்டர்:
29 நிமிடமும் நின்ற நேரம் என்று சொல்லிவிட முடியாது. டாஃப் முடிந்து ஓட ஆரம்பிக்கும்போது வேகம் குறைவாக இருக்கும், அதிலேயே கொஞ்சம் ஹேங்க் போகும். மீட்டரே சறுக்குவதும் உண்டு. ஒரு நாள் சிவப்பு வந்ததற்காகச் சைடரைத் திட்டினால் அது அநியாயம்.

ரிங்ஃபிரேம்:
ஒத்துக்கொள்கிறேன். எத்தனை ஹேங்க் வரை விடலாம் என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஒரே ஃபிரேம் தொடர்ந்து சிவப்பாக வந்தால் முதலில் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

கதைக்காரி:
அந்த அளவை மேஸ்திரியே சொல்லட்டும், அவள் ஷீட்டில் போடட்டும். சைடர் நோட்டில் எழுதாமல் விட்டதற்கு என்ன காரணம் வைப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

பழையஃபிட்டர்:
ஒரே ஆள் எத்தனை ஃபிரேம் பார்க்கிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.