கட்லா மட்டும் விடியக்காலையில் செத்து மிதக்கிறது, வரால் நன்றாக இருக்கிறது: என்ன செய்வது?

நீடாமங்கலம்_குளம்

50 செண்ட் குளம், 5 அடி தண்ணீர். ஆடியில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 2500 விரலளவுக் குஞ்சு விட்டோம். போன வாரம் வீச்சு வலையில் எடுத்துப் பார்த்ததில் சராசரி 400 கிராம். இழப்பெல்லாம் போக 2000 மீன் என்று வைத்தால் 800 கிலோ. அதற்கு 2 சதவீதம் கணக்குப் போட்டு தினம் 16 கிலோ தவிடும் கடலைப் புண்ணாக்கும் பாதிப் பாதி போடுகிறோம், காலையில் பாதி, சாயங்காலம் 6 மணிக்குப் பாதி.

மூன்று நாளாக ஐப்பசி மூட்டம், வெயிலே இல்லை. நேற்று விடியக்காலை 5 மணிக்குப் பார்த்தால் 40 கட்லா செத்து மிதக்கிறது, எல்லாமே முக்கால் கிலோவுக்கு மேல். வாய் திறந்தபடி, செவுள் மூடி விரிந்தபடி இருந்தது. மற்ற மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றது. 8 மணிக்கு மேல் உள்ளே போய்விட்டது. நத்தையெல்லாம் தண்ணீரை விட்டுக் கரையில் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள் பக்கத்து வயல் வடிகாலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தது, யாராவது மருந்து அடித்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. ஏரேட்டர் இல்லை. 5 ஹெச்பி டீசல் இன்ஜினும் ஒரு போரும் உண்டு.

ஒரத்தநாடு_விவசாயி

தம்பி, இது ஆக்சிஜன் குறைவுதான். உடனே சுண்ணாம்பு 25 கிலோ கரைத்து ஊற்றுங்கள், பொட்டாசியம் பர்மாங்கனேட் அரைக் கிலோ போடுங்கள், போர் மோட்டாரைப் போட்டுவிடுங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறோம்.

வெண்ணாற்றுக்கரை

காரணத்தை அண்ணன் சரியாகச் சொல்லிவிட்டார், ஆனால் மருந்தில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் விஷமா இல்லையா என்பதைத் தீர்த்துக்கொள்வோம்.

குளத்தில் வரால், பனையேறி, கெளுத்தி மாதிரி நாட்டு மீன் ஏதாவது இருக்கும். வராலும் பனையேறியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். அதனால் அவை துள்ளலாக இருந்து, கட்லா மட்டும் சாகிறது என்றால் கோளாறு தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனில்தான். வயல் மருந்தாக இருந்தால் வராலும் துடிக்கும், பொடி மீன், தவளைக் குஞ்சு, தண்ணீர்ப் பூச்சி எல்லாம் சேர்ந்து சாகும், பொழுது சாய்ந்த பிறகு என்று காத்திருக்காது. உங்களுக்குப் பெரியது முதலில் செத்திருக்கிறது, அதுவும் விடியும் முன்பு, நத்தையும் கரையேறிவிட்டது. மூன்றும் ஒரே பக்கம் காட்டுகிறது. இருந்தாலும் வடிகால் மடையை இப்போதே அடைத்துவிடுங்கள், மறுபடி அந்தச் சந்தேகம் வரக்கூடாது.

தண்ணீர் என்ன நிறம்? முழங்கை வரை கையை நேராக உள்ளே விட்டுப் பாருங்கள், உள்ளங்கை எங்கே மறைகிறது?

நீடாமங்கலம்_குளம்

வரால் நன்றாக இருக்கிறது சார், இப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் திக்கான பச்சை. மணிக்கட்டு தாண்டினதும் கை தெரியவில்லை. தெற்கு மூலையில் கொஞ்சம் பழுப்பாக மாறியிருக்கிறது.

வேதாரண்யம்_வரால்

எங்கள் குளத்திலும் இதேதான், வராலுக்கு உடம்பெல்லாம் சிவந்த புண். மஞ்சளும் உப்பும் போட்டோம். உங்கள் மீனுக்கும் புண் இருக்கிறதா?

வெண்ணாற்றுக்கரை

அது வேறு நோய் அண்ணே, குளிர் மாதங்களில் வருகிற புண் நோய். ஒரே ராத்திரியில் 40 மீனை எடுக்காது. அதைத் தனி இழையாகப் போடுங்கள், பார்ப்போம்.

தம்பி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். 50 செண்டில் 5 அடி தண்ணீர் என்றால் சுமார் 30 லட்சம் லிட்டர். ஒரு பிபிஎம் ஆக்சிஜன் என்றால் குளம் முழுக்க 3 கிலோ. நல்ல வெயில் நாளில் பச்சைத் தண்ணீர் சாயங்காலம் 9 பிபிஎம் வரை ஏறும், அதாவது 27 கிலோ கையிருப்பு. ராத்திரி செலவு எவ்வளவு? உங்கள் 800 கிலோ மீன் 12 மணி நேரத்தில் இழுப்பது இரண்டரை கிலோதான். பாசியும் அடிச்சேறும் சேர்ந்து, இவ்வளவு திக்கான தண்ணீரில், 15 கிலோ வரை இழுக்கும். பகலில் ஆக்சிஜன் கொடுக்கிற பாசிதான் ராத்திரியில் குடிக்கவும் செய்கிறது. வெயில் நாளில் 27-ல் 17 போக 9 கிலோவோ 10 கிலோவோ மிஞ்சும், விடியும்போது 3 பிபிஎம், மீன் தாங்கிக்கொள்ளும். மூன்று நாள் மூட்டத்தில் சாயங்காலமே 5.5 பிபிஎம்தான், 16 கிலோ. செலவு அதே 17. விடியும் முன் கையிருப்பு காலி.

அதனால் சாப்பாட்டு விஷயத்தைத்தான் முதலில் பார்க்கணும். 2 சதவீதம் மீனின் எடைக்குச் சரியான கணக்கு, தப்பே இல்லை. ஆனால் ஏரேட்டர் இல்லாத குளம் நாளொன்றுக்கு ஏக்கருக்கு 12 முதல் 15 கிலோ தீவனத்தைத்தான் செரிக்கும். 50 செண்டுக்கு 6, 7 கிலோ. அதற்கு மேல் போட்டதெல்லாம் பாசிக்கு உரமாகவும் சேற்றில் அழுகலாகவும் போகிறது. சாயங்காலம் 6 மணிக்குப் போடுவது இன்னும் மோசம், மீன் செரிக்கும் நேரமும் ஆக்சிஜன் இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது.

ஒரத்தநாடு_விவசாயி

சரி தம்பி, சுண்ணாம்பில் என்ன தப்பு? எல்லா அதிகாரியும் சுண்ணாம்புதானே சொல்கிறார்கள்.

வெண்ணாற்றுக்கரை

பிஎச் குறைந்த குளத்துக்கு, தயார் பண்ணும்போது, அது சரிதான் அண்ணே. இவர் குளம் திக்கான பச்சை, மத்தியானம் பிஎச் 9 பக்கம் போயிருக்கும். அதில் சுண்ணாம்பு போட்டால் இன்னும் ஏறும், ஏறினால் தண்ணீரில் இருக்கிற அம்மோனியாவில் விஷப் பங்கு கூடும். பர்மாங்கனேட் ஆக்சிஜன் தராது, பாசியைக் கொல்லும். செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். தெற்கு மூலைப் பழுப்பு என்பது பாசி ஏற்கெனவே சாகத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம், அதைத் துரிதப்படுத்தக் கூடாது. மயில்துத்தமும் இதே காரணத்தால் வேண்டாம்.

போர் பற்றியும் ஒன்று. ஆழத்தில் இருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை, அப்படியே குழாய் முனையைக் குளத்துக்குள் விட்டால் பயன் கிடையாது. மணிக்கு 40 ஆயிரம் லிட்டர் விட்டாலும் குளத்தில் நூற்றில் ஒன்று, ஒன்றரைதான் மாறும். ஒரே ராத்திரியில் தண்ணீரை மாற்றிவிட முடியாது, மீன் ஒதுங்க ஒரு மூச்சு மூலை உண்டாக்கலாம், அவ்வளவுதான்.

இன்று ராத்திரிக்கு இதைச் செய்யுங்கள். தீவனம், எரு, எல்லாம் நிறுத்துங்கள், இன்றும் நாளையும் ஒரு பிடி கூட வேண்டாம். செத்ததை எல்லாம் எடுத்துக் கரைக்கு வெளியே குழி தோண்டிப் புதையுங்கள். டீசல் இன்ஜினின் உறிஞ்சு குழாயை மேல் இரண்டு அடிக்குள் மிதக்கவிட்டுக் கட்டுங்கள், அடிச்சேற்றைக் கிளறினால் கெட்ட தண்ணீர் மேலே வந்து நிலைமை இன்னும் கெடும். வெளிக்குழாயை 4 அடி உயரத்தில் கட்டி, முனையில் ஒரு பலகையோ பனை மட்டையோ வைத்துத் தண்ணீர் மோதிச் சிதறும்படி செய்யுங்கள். சிதறல் சன்னமாக இருக்க இருக்க நல்லது. போர் தண்ணீரையும் அதே பலகையில் விடலாம். ராத்திரி 12 மணிக்கே ஆரம்பித்து வெயில் ஏறும்வரை ஓட்டுங்கள். மீன் வாய் பிளக்கும்வரை காத்திருந்தால் பாதி நேரம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆக்சிஜன் மாத்திரை கடையில் கிடைத்தால் ஒரு மூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் நின்றுபோனால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். முழுக் குளத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

நீடாமங்கலம்_குளம்

இரண்டு ராத்திரி ஓட்டினேன் சார். முதல் நாள் 6 கட்லா, நேற்று ஒன்றும் இல்லை. பலகை பக்கத்திலேயே மீன் குவிந்து நின்றது. ஆனால் தினமும் 12 மணிக்கு டீசல் எரிக்க முடியாது. எப்போது தேவை, எப்போது வேண்டாம் என்று எப்படித் தெரியும்?

வெண்ணாற்றுக்கரை

சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கிற ஆக்சிஜன் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மீன் பண்ணைப் பொருள் விற்கிற கடையில் கிடைக்கும். ராத்திரி 7 மணிக்கு ஒரு அளவு, 10 மணிக்கு ஒரு அளவு, ஒரே இடம், மூன்றடி ஆழம். ராத்திரியில் ஏறக்குறைய ஒரே சீராகத்தான் இறங்கும். 7 மணிக்கு 6, 10 மணிக்கு 4.5 என்றால் மணிக்கு அரை பிபிஎம். காலை 6 மணி வரை இன்னும் 8 மணி நேரம், 4 போகும், மிச்சம் அரை. அன்றைக்கு ஓட்டித்தான் ஆகணும். விடியும்போது 3-க்கு மேல் வரும் என்று கணக்குச் சொன்னால் தூங்கலாம். இடையில் மழை கொட்டினால் அந்தக் கணக்கு செல்லாது, டார்ச் எடுத்துக்கொண்டு போய் மீனைப் பாருங்கள்.

கும்பகோணம்_ஏரேட்டர்

2 ஹெச்பி துடுப்புச் சக்கரம் ஒன்று போட்டால் போதும். ஒரு ஹெச்பி மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் கரைக்கும், 6 மணி நேரத்தில் 12 கிலோ, உங்கள் குளத்துக்கு 4 பிபிஎம். குளத்தின் நீளவாக்கில் தள்ளும்படி வையுங்கள், கரையைப் பார்த்து வைத்தால் மண் கரையும். மும்முனை மின்சாரம் ராத்திரி வராத இடமென்றால் ஒருமுனையில் ஓடுவதாகக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் கரண்ட் போகும், அந்த டீசல் இன்ஜினை விற்றுவிடாதீர்கள்.

நீடாமங்கலம்_குளம்

நன்றி அண்ணே. தீவனத்தை 7 கிலோவுக்குக் குறைத்தால் 800 கிலோ மீன் வளருமா? பொங்கலுக்கு விற்கலாம் என்று இருந்தோம்.

வெண்ணாற்றுக்கரை

வளர்ச்சி மட்டுப்படும், அதை மறைக்க முடியாது. ஏரேட்டர் வரும்வரை ஒரே வழி மீன் எடையைக் குறைப்பது. பெரிய கட்லாவில் 200 கிலோ எடுத்துவிடுங்கள், மிச்ச மீனுக்கு 7 கிலோ ஓரளவு போதும். ஆனால் இந்த வாரம் வலை இழுக்க வேண்டாம், இரண்டு மூன்று வெயில் நாள் போகட்டும். வியாபாரி விடியக்காலை 4 மணிக்குத்தான் வருவேன் என்பார், அந்த நேரத்தில் சேற்றை மிதித்து வலை இழுத்தால் விற்கிற மீனைவிடச் சாகிற மீன் அதிகமாகும். 9 மணிக்கு மேல் இழுங்கள்.

தீவனத்தை வாரி இறைக்காமல், அடியில் ஓட்டை போட்ட உரச் சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிடுங்கள், 6 இடம். காலை 9 மணிக்குக் கட்டி 11 மணிக்குத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் அந்த அளவைக் கழியுங்கள். மூட்ட நாளில் பாதி, மழை நாளில் இல்லை. முதலில் 4 கிலோவில் ஆரம்பியுங்கள்.

நீடாமங்கலம்_குளம்

கிட் வாங்கிவிட்டேன். நேற்று 7 மணிக்கு 5.5, 10 மணிக்கு 4.6. மணிக்கு 0.3 போட்டால் விடியும்போது 2.2 வருகிறது, அதனால் 1 மணிக்கு இன்ஜினைப் போட்டேன். மீன் மேலே வரவில்லை. ஆனால் இன்று மத்தியானம் 2 மணிக்கு இரண்டு மிர்கால் செத்து மிதந்தது, வெயில் நன்றாக இருந்தும். பிஎச் 8.8.

ஒரத்தநாடு_விவசாயி

வடிகால் மருந்தாகத்தான் இருக்கும், நான் அப்போதே நினைத்தேன்.

வெண்ணாற்றுக்கரை

வரால் நன்றாக இருக்கும்போது மருந்து என்று சொல்ல மனம் வரவில்லை. செத்த பாசியில் இருந்து அம்மோனியா கிளம்பியிருக்கலாம், மத்தியான பிஎச்சுக்கு அது பொருந்தும். அல்லது முந்தின ராத்திரிகளில் அடிபட்ட மீன் இப்போது விழுகிறது. இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அடுத்தது செத்தால் உடனே செவுளைத் திறந்து நிறம் பாருங்கள், ஒரு லிட்டர் தண்ணீரை மத்தியானம் 2 மணிக்கு பாட்டிலில் வாய் வரை நிரப்பி மூடி, ஐஸ் வைத்து அன்றே மீன்வளத்துறை அலுவலகத்தில் கொடுத்து அம்மோனியா பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை தீவனம் வேண்டாம்.